ஒரே காதுக்கு இரண்டு மொழி

தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் பாட்காஸ்ட் தொடங்குகிறவர்களிடம் யாருக்காக என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்களும் கேட்கலாம், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களும் கேட்கலாம், ஒரே நிகழ்ச்சியில் இரண்டு கூட்டம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்காது. அச்சிட்ட பக்கத்தில் தெரியாத மொழிப் பத்தியைக் கண் தாண்டிவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. இருபத்தைந்து நிமிட எபிசோடில் பன்னிரண்டு நிமிடம் புரியாத மொழி ஓடினால், தமிழ் மட்டும் தெரிந்தவர் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஆகவே கலப்பு எபிசோடு இரண்டு கூட்டத்துக்கானது என்ற கணக்கையே முதலில் விட வேண்டும். அது ஒரே கூட்டத்துக்கானது. வீட்டில் தமிழ் காதில் விழுந்து வளர்ந்து, வெளியில் ஆங்கிலத்தில் படித்து, இரண்டையும் ஏற்றத்தாழ்வோடு வைத்திருப்பவர்களின் கூட்டம் அது. சிலருக்குத் தமிழ் பலம், சிலருக்கு ஆங்கிலம் பலம், ஆனால் இரண்டில் ஒன்று அறவே தெரியாதவர் அதில் இல்லை. இதை ஒப்புக்கொண்டால் ஸ்கிரிப்ட் எழுதும் முறையும் ஷோ நோட்ஸ் எழுதும் முறையும் தலைகீழாக மாறிவிடுகின்றன. ஒரு மொழி மட்டும் தெரிந்தவரை ஒலியால் திருப்திப்படுத்த முடியாது. அவருக்குச் செய்ய வேண்டியதை எழுத்தில்தான் செய்ய முடியும்.

இதற்கு வேறு வழிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோ பற்றி 2021-இல் வெளிவந்த ‘லா பிரெகா’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் டபிள்யூ.என்.ஒய்.சி. ஸ்டுடியோஸும் ஃபியூச்சுரோ ஸ்டுடியோஸும் சேர்ந்து தயாரித்தது. ஒவ்வொரு எபிசோடையும் ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று எனத் தனித்தனியாக வெளியிட்டார்கள். இரண்டு கூட்டம் வேண்டும் என்றால் நேர்மையான வழி அதுதான். செலவும் உழைப்பும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்னொரு வழி, 2017-இல் தொடங்கிய டுவோலிங்கோவின் ஸ்பானிஷ் பாட்காஸ்ட். கதை சொல்பவர் நிதானமான ஸ்பானிஷில் தன் வாழ்க்கையைச் சொல்ல, நடுநடுவே தொகுப்பாளர் ஆங்கிலத்தில் வந்து கதையை நகர்த்திக் கொடுப்பார். அங்கே யாருக்கு எந்த மொழி என்பது மாறுவதே இல்லை. மொழி கற்பிக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு விஷயத்தை அலசும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது. ஒருவர் எப்போதும் விளக்கம் சொல்பவராகவும் மற்றவர் எப்போதும் விளக்கப்படுபவராகவும் ஆகிவிடுவார்கள்.

மீதமிருப்பது இரண்டு தொகுப்பாளர்கள் மொழி மாறிமாறிப் பேசும் மூன்றாவது வழி. நம்மவர்களுக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் மோசமாக எழுதப்படுவதும் அதுதான். அதை எழுதும் முறைகளை ஒரு மாதிரி எபிசோடை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம்.

விஷயம், மேட்டூர் அணை திறப்பு. தொகுப்பாளர்கள் இருவர். ஒருவர் சென்னையில் இருக்கும் அக்கா. டெல்டாவில் வளர்ந்தவர், ஆங்கிலம் புரியும், பேசவும் செய்வார். இன்னொருவர் நியூ ஜெர்சியில் பிறந்த தம்பி. தாத்தா ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தமிழ் கேட்டால் புரியும், சின்ன வாக்கியங்கள் பேசுவான், தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறுவான். இப்படிப்பட்ட ஜோடிதான் இந்த வகை நிகழ்ச்சிகளில் சாதாரணம் என்பதால் இவர்களையே வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சிக்காரனின் ஆங்கிலத்தை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அது அச்சுக்காக. அவன் கையில் இருக்கும் தாளில் ஆங்கிலம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் எழுதும் வடிவம்:

அக்கா: மேட்டூர் அணை வழக்கமா ஜூன் பன்னெண்டாம் தேதி திறப்பாங்க.
தம்பி: ஸோ த மேட்டூர் டேம் யூஷுவலி ஓப்பன்ஸ் ஆன் ஜூன் ட்வெல்ஃப்த்.
அக்கா: அணையோட முழு நீர்மட்டம் நூத்தி இருபது அடி.
தம்பி: அண்ட் தி ஃபுல் லெவல் இஸ் ஒன் ட்வென்ட்டி ஃபீட்.

இதை எதிரொலி வடிவம் என்று சொல்லலாம். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் நிகழ்ச்சியை உண்மையில் கேட்கப்போகிறவர்கள் இரண்டும் தெரிந்தவர்கள் ஆயிற்றே. அவர்களுக்கு ஒவ்வொரு தகவலும் இரண்டு முறை வருகிறது. இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். தமிழ் பலமானவர் ஆங்கில வரி வரும்போது கவனத்தை எடுத்துவிடுவார், ஆங்கிலம் பலமானவர் தமிழ் வரியில் எடுத்துவிடுவார். ஆக, இருபத்தைந்து நிமிடத்தில் பன்னிரண்டரை நிமிடச் சரக்குதான் இருக்கும். அதைவிட மோசம், தம்பிக்கு அந்த உரையாடலில் வேலையே இல்லை. அவன் கேள்வி கேட்கவில்லை, சந்தேகப்படவில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். அவன் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

இப்போது அதே விஷயம், வேறு எழுத்து:

அக்கா: ஜூன் மாசம் பொறந்தா டெல்டாவுல எல்லாரும் ஒரே ஒரு நம்பரைத்தான் பார்ப்பாங்க. மேட்டூர்ல எத்தனை அடி இருக்குன்னு.
தம்பி: ஒன் ட்வென்ட்டி இஸ் ஃபுல், ரைட்? ஸோ அட் எ ஹண்ட்ரட், வீ ஆர் ஆல்மோஸ்ட் தேர்.
அக்கா: அப்படித்தான் தோணும். ஆனா நூறு அடியில அறுபத்தஞ்சு டி.எம்.சி.கிட்டதான் இருக்கும். ரொம்பினா தொண்ணூத்தி மூணரை. அணை மேல போகப் போக அகலமாகுதுல்ல, அதனால கடைசி இருபது அடியிலதான் ஏகப்பட்ட தண்ணி.
தம்பி: வெயிட். ஸோ த டாப் ட்வென்ட்டி ஃபீட் ஹோல்ட்ஸ் நியர்லி எ தேர்ட் ஆஃப் இட்?
அக்கா: ஆமா. அதனாலதான் நூறைத் தாண்டினதும் நம்மாளுங்க முகமே மாறுது.

இங்கே ஒரு வரியும் இன்னொரு வரியின் மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலிருந்தும் முந்தைய வரியைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. ஆங்கிலம் கொஞ்சம் தவறவிட்டவருக்கு, ‘அப்படித்தான் தோணும், ஆனா’ என்று அக்கா தொடங்கும்போதே தம்பி ஒரு தப்புக் கணக்குப் போட்டிருக்கிறான் என்று விளங்கிவிடும். தமிழில் தடுமாறுகிறவருக்கு, அக்கா சொன்ன நீண்ட விளக்கத்தின் சாரம் தம்பியின் வியப்பில் கிடைத்துவிடுகிறது. அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு படி மேலே போய், மூன்றில் ஒரு பங்கு என்று தானே கணக்குப் போடுகிறான். மொழி மாறும் இடத்தில் புதுத் தகவல் ஒன்று வந்தே ஆக வேண்டும், அந்தத் தகவலுக்குள் பழைய தகவலின் தடம் இருக்க வேண்டும். நல்ல இருமொழி ஸ்கிரிப்டை மோசமானதிலிருந்து பிரித்துக் காட்டும் அளவுகோலாக நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அளவுகள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. கோடியில் யோசிக்காத நியூ ஜெர்சிக் காதுக்கு அது ஒன்றும் சொல்லாது. தம்பி அதையே ஆங்கிலத்தில் ‘எ பில்லியன் க்யூபிக் ஃபீட்’ என்று திருப்பிச் சொல்வது எதிரொலியாகாது. அவன் அளவையே மாற்றித் தருகிறான். லட்சம், கோடியிலிருந்து மில்லியன், பில்லியனுக்குத் தாவும்போது பூஜ்ஜியங்களைத் தவறவிடுவது பேச்சு வேகத்தில் மிக எளிது. எனவே அந்த ஒரு வரியை மட்டும் முன்கூட்டியே எழுத்தெண்ணி எழுதிவைக்க வேண்டும்.

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். தாளில் 93.47 என்று எண்ணால் எழுதியிருந்தால், தமிழ் வரியின் நடுவில் இருந்தாலும் தொகுப்பாளரின் வாய் ‘நைன்ட்டி த்ரீ பாயின்ட் ஃபோர் செவன்’ என்றுதான் போகும். நாம் கணக்குப் படித்த மொழி அது. பிறகு அடுத்த நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் வழுக்கிவிடும், எழுதியவர் தமிழில் நினைத்த வாக்கியம் பாதியில் மொழி மாறிவிடும். தமிழில் வர வேண்டிய எண்ணைத் தமிழ்ச் சொல்லாகவே எழுத வேண்டும், அதுவும் பேச்சு வடிவில்: தொண்ணூத்தி மூணரை. காதுக்கு அரைதான் வேண்டும், புள்ளி நாலு ஏழு வேண்டாம். துல்லியமான 93.47 ஷோ நோட்ஸில் இருக்கட்டும்.

அடுத்து, வாக்கியத்துக்குள்ளேயே மொழி மாறலாமா என்ற கேள்வி. இதில் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ‘ஷட்டரைத் திறந்து தண்ணி ரிலீஸ் பண்ணுவாங்க’ என்பதில் இரண்டு ஆங்கிலச் சொல் இருக்கின்றன, ஆனால் வாக்கியம் முழுக்கத் தமிழ். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழுடையவை. டெல்டா விவசாயியே அப்படித்தான் பேசுவார். அதை ஸ்கிரிப்டில் கட்டுப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. பிரச்சினை, வாக்கியத்தின் எலும்புக்கூடே நடுவில் மாறும்போது. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வந்துவிடும். இரண்டு வரிசையும் ஒத்துப்போகும் இடங்கள் மிகக் குறைவு. ஷானா பாப்லாக் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கர்களை ஆராய்ந்து 1980-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. இரண்டு மொழியின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடத்தில்தான் வாக்கியத்துக்குள் மாற்றம் நிகழ்கிறது என்பதும், அப்படி மாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் சரளமானவர்களே என்பதும் அதன் முக்கிய முடிவுகள். அரைகுறையாகத் தெரிந்ததால்தான் கலந்து பேசுகிறார்கள் என்ற பொதுக் கருத்துக்கு நேர் எதிரான முடிவு அது.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. வாக்கியத்துக்குள் மொழி மாறுவது சரளத்தின் விளைவு என்றால், அதை வேறொருவர் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் விளம்பரத் தமிழ் மாதிரி ஒலிக்கும். பேசுகிறவர் வாயில் தானாக வந்தால் வரட்டும், வெட்ட வேண்டாம். ஆனால் தாளில் எழுதும் மாற்றம் ஒவ்வொன்றும் வாக்கிய முடிவில் இருக்கட்டும், முடிந்தால் ஆள் மாறும் இடத்தில் இருக்கட்டும்.

ஆக, முழு ஸ்கிரிப்டா, குறிப்புகள் மட்டுமா என்ற பழைய விவாதத்துக்கும் விடை கிடைத்துவிடுகிறது. முழு ஸ்கிரிப்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், அது உயிரைக் கொன்றுவிடும் என்பது. தமிழைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் கூடுதல் நியாயம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் நம்மிடம் உள்ளதைப்போல் இல்லை. ‘திறக்கப்படுகிறது’ என்று எழுதிவைத்தால் அக்கா செய்தி வாசிப்பாளராகிவிடுவார். பேச்சுத் தமிழில் எழுதலாம் என்றால் அதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. சொல்றாங்க, சொல்லுறாங்க, சொல்றாய்ங்க என ஆளுக்கு ஒரு விதம். வேறொருவர் எழுதிய பேச்சுத் தமிழை வாசிக்கும்போது அவருடைய ஊரும் சேர்ந்து வந்துவிடும். தம்பிக்கோ தமிழ் எழுத்தே சிரமம். அவனுக்காக ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிக் கொடுப்பார்கள். பல்லும் பாலும் ஒன்றாகிவிடும் அந்த எழுத்தில், வலியா வழியா என்று அவன் ஊகிக்க வேண்டியிருக்கும். இதில் என் முடிவு கறாரானது. ஆங்கில எழுத்தில் எழுதித்தர வேண்டியிருக்கிற தமிழ் வரி எதையும் அவனுக்குத் தரவே கூடாது. அவன் தமிழ் பேசட்டும், ஆனால் தானாக வரும் தமிழை மட்டும். தாத்தாவிடம் பேசும் தமிழ் எழுதிக்கொடுத்த தமிழைவிட எப்போதும் நன்றாக இருக்கும், பிழை இருந்தாலும்.

மறுபக்கம், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறொரு விபத்து நடக்கும். ஐந்து நிமிடத்தில் இருவரும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். இருவருக்கும் பொதுவான எளிய மொழி அதுதான் என்பதால் பேச்சு அந்தப் பள்ளத்துக்குத் தானே ஓடும். பிறகு திடீரென்று நினைவு வந்து ‘தமிழ்ல சொல்லணும்னா’ என்று அக்கா தொடங்குவார். அது மறுபடியும் எதிரொலி.

எனவே எழுத வேண்டியவை நான்கே: தொடக்கத்து முப்பது நொடி, மொழி மாறும் ஒவ்வொரு இடத்திலும் கைமாறும் வரி, எண்களும் பெயர்களும், கடைசி வரி. மற்றதெல்லாம் ஒரு வரிக் குறிப்பாக இருக்கட்டும், பக்கத்தில் இது தமிழ், இது ஆங்கிலம் என்ற அடையாளத்தோடு. தொடக்கத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் முப்பது நொடி முழுக்க ஆங்கிலமாக இருந்தால் தமிழ் பலமானவர் போய்விடுவார், பின்னால் எவ்வளவு தமிழ் வந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. எபிசோடு முழுவதும் எந்த விகிதத்தில் இருக்குமோ அதே விகிதம் முதல் முப்பது நொடியிலேயே காதில் விழ வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் என்று போடும் வழக்கம் தமிழுக்கு உதவாது. நம் சொல் நீளமானது, ஒரு வினைமுற்றுக்குள் ஆங்கிலத்தின் மூன்று சொல் அடங்கியிருக்கும். கலப்பு ஸ்கிரிப்டில் சொல் எண்ணுவதே வீண். சத்தமாக வாசித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் வழி.

இதுவரை சொன்னது கைத்திறன். இனி, இந்த வகை நிகழ்ச்சிகளைத் தராசில் ஏற்றும்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் குறை. கலப்பு நிகழ்ச்சிகள் பலவற்றில் மொழிகளுக்குள் ஓர் எழுதப்படாத வேலைப் பிரிவினை இருக்கிறது. வணக்கம், நலம் விசாரிப்பு, கிண்டல், சாப்பாடு, அம்மா நினைவு எல்லாம் தமிழில். சட்டம், கணக்கு, காரணம், எதிர்வாதம் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழை வளர்க்கத்தான் இந்த நிகழ்ச்சி என்று முகப்பில் எழுதியிருக்கும். உள்ளே தமிழ் ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கும். கலப்பே கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்கள் கோபத்துக்கு இந்த இடத்தில் நியாயம் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. பதிவுக்கு முன் ஸ்கிரிப்டை எடுத்து, ‘ஏனென்றால்’ வேலை செய்யும் வாக்கியங்களை மட்டும் கோடிட வேண்டும். ‘அதனால’, ‘இல்லன்னா’, ‘பிகாஸ்’, ‘விச் மீன்ஸ்’ எதுவாக இருந்தாலும் சரி. பிறகு அவை எந்த மொழியில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சொற்களின் விகிதம் பாதிக்குப் பாதி இருந்து, காரண வாக்கியங்கள் பத்தில் ஒன்பது ஆங்கிலத்தில் இருந்தால், அது தமிழ் தூவிய ஆங்கில நிகழ்ச்சி. இருமொழி நிகழ்ச்சி என்று அதைச் சொல்ல மாட்டேன்.

மேட்டூர் எபிசோடில் இதைச் சரிசெய்வது கடினமாக இல்லை. அதில் நடுநாயகமான காரணச் சங்கிலி இது: விநாடிக்கு 10,000 கன அடி திறந்துவிட்டால், ஒரு நாளில் 86,400 விநாடி என்பதால், நாளொன்றுக்கு 86.4 கோடி கன அடி போகும். அதாவது 0.864 டி.எம்.சி. நூறு அடியில் இருக்கும் அறுபத்தைந்து டி.எம்.சி. இந்தக் கணக்கில் எழுபத்தைந்து நாளுக்குத்தான் வரும். அடிமட்டத்துத் தண்ணீரையும் குடிநீருக்கு நிறுத்த வேண்டியதையும் கழித்தால் இன்னும் குறையும். குறுவை விளைய நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். ஆகவே நூறு அடி இருந்தாலும், கர்நாடகத்திலிருந்து தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் வந்து சேராவிட்டால் குறுவை பாதியில் நிற்கும். இந்தச் சங்கிலியை அக்கா தமிழிலேயே, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தம்பி இடையில் புகுந்து மொழிபெயர்க்கக் கூடாது. எழுபத்தைந்து நாள் என்ற இடத்தில் மட்டும், ‘ஸெவன்ட்டி ஃபைவ் டேஸ்? அண்ட் த க்ராப் நீட்ஸ்?’ என்று அவன் அடுத்த கண்ணியை இழுத்துக் கொடுத்தால் போதும். தமிழில் கணக்குச் சொன்னால் யார் கேட்பார்கள் என்பது வீண் பயம். டெல்டாவின் எந்த டீக்கடையிலும் இந்தக் கணக்கு தினமும் தமிழில் நடக்கிறது.

பதிலுக்கு ஆங்கிலத்துக்கும் உருப்படியான ஒரு பகுதி வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பு அதற்குப் பொருத்தம். நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்குத் தரச் சொன்ன 192 டி.எம்.சி.யை நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. தீர்ப்பின் மூலமே ஆங்கிலம், தம்பி அதை வாசித்துத் தயாராகி வந்து அக்காவுக்கு விளக்கலாம். அப்போது அவன் கேட்பவன் இடத்திலிருந்து சொல்பவன் இடத்துக்கு நகர்கிறான். அக்கா தமிழில் குறுக்குக் கேள்வி கேட்கிறார்: ‘குறைச்சதுக்கு என்னப்பா காரணம் சொன்னாங்க?’ பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரையும் கணக்கில் எடுத்ததை அவன் ஆங்கிலத்தில் சொல்கிறான். யார் விளக்குகிறார், யார் கேட்கிறார் என்பது எபிசோடுக்குள் ஒரு முறையாவது திரும்ப வேண்டும். அது திரும்பாத ஸ்கிரிப்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி ஷோ நோட்ஸ். ஒலி யாரைக் கைவிட்டதோ அவர்களுக்கான இடம் இது என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் நடைமுறையில் ஆங்கிலக் குறிப்பு ஒன்றை எழுதிவிட்டு, அதையே வரிக்கு வரி தமிழாக்கி ஒட்டுகிறார்கள். ‘இந்த எபிசோடில் நாங்கள் ஆராய்கிறோம்’ என்ற தொடக்கத்திலேயே அது காட்டிக்கொடுத்துவிடும். பயன் என்னவென்று யோசித்தால் அந்த முறை ஒருவருக்கும் முழுதாகப் பயன்படவில்லை என்பது புரியும்.

குறிப்புகளைக் குறுக்காக எழுத வேண்டும் என்பது என் வாதம். தமிழ்க் குறிப்பு யாருக்கு? ஆங்கிலப் பகுதிகள் பிடிபடாதவருக்கு. அப்படியென்றால் ஆங்கிலத்தில் பேசப்பட்டதைத்தான் தமிழ்க் குறிப்பு விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழில் பேசப்பட்டதற்கு ஒரு வரி போதும். ஆங்கிலக் குறிப்பு இதற்கு நேர் எதிர். மேட்டூர் எபிசோடின் தமிழ்க் குறிப்பில் 2018 தீர்ப்புப் பகுதிக்கு நான்கு வரி வேண்டும்: நடுவர் மன்றம் தந்தது எவ்வளவு, நீதிமன்றம் குறைத்தது எவ்வளவு, என்ன காரணம், பிலிகுண்டுலுவில் அளக்கப்படுவது எது. எழுபத்தைந்து நாள் கணக்குக்கு ‘நூறு அடித் தண்ணீர் எத்தனை நாள் வரும்’ என்ற ஒற்றை வரி. ஆங்கிலக் குறிப்பில் தீர்ப்புக்கு ஒற்றை வரி, எழுபத்தைந்து நாள் கணக்கோ முழுதாக, படிப்படியாக. இரண்டிலும் நிமிட-நொடிக் குறி ஒன்றே. உள்ளடக்கத்தின் கனம் மட்டும் இடம் மாறுகிறது. இரண்டு குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதன் நிழலாகத் தெரியக் கூடாது.

தமிழ்க் குறிப்பின் நடையும் ஒலியின் நடையும் வேறாக இருப்பதில் தவறில்லை. அக்கா ‘திறப்பாங்க’ என்று பேசியிருந்தாலும் குறிப்பில் ‘திறப்பார்கள்’ என்றே எழுதலாம். அப்படிப் பார்த்தால் ஆங்கிலம், பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என மூன்று நடையைக் கையாளும் வேலை இது. தமிழ்க் குறிப்பை ஸ்கிரிப்டிலிருந்து வெட்டி ஒட்ட முடியாததற்கும் அதுவே காரணம்.

எது முதலில் வர வேண்டும்? பாட்காஸ்ட் செயலிகளில் விவரத்தின் முதல் ஓரிரு வரிதான் தட்டாமலே தெரியும். முழுத் தமிழ்க் குறிப்பையும் முடித்துவிட்டு ஆங்கிலத்தைத் தொடங்கினால் ஆங்கிலம் இருப்பதே வெளியில் தெரியாது. எனவே ஒரு வரித் தமிழ், ஒரு வரி ஆங்கிலம், பிறகு முழுத் தமிழ்க் குறிப்பு, பிறகு முழு ஆங்கிலக் குறிப்பு. பத்திக்குப் பத்தி மாற்றி மாற்றிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது காதுக்கு இருந்த தொல்லையைக் கண்ணுக்கும் கொண்டுவருவது.

நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. விவரத்தின் அளவை எழுத்தாக எண்ணாமல் பைட்டாக எண்ணும் இடங்கள் உண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. ‘மொழி’ என்ற இரண்டெழுத்துச் சொல்லில் நான்கு குறிகள், பன்னிரண்டு பைட். வரம்பு 4000 பைட் என்றால் தமிழுக்குக் கிடைப்பது சுமார் 1300 குறிகள்தான். அதில் ஆங்கிலமும் பங்கு கேட்கும். வரம்பு மீறினால் வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் ஆங்கிலக் குறிப்பு. ஏற்றும் முன் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர்களில் ஆங்கிலக் குறிப்பு ஒரு சலுகை தர வேண்டும். அரசு ஆவணங்களில் Cauvery, தேடுகிறவர்கள் பலர் தட்டுவது Kaveri. கல்லணைக்கு Kallanai என்றும் Grand Anicut என்றும் இரண்டு வழக்கு. இரண்டு வடிவத்தையும் ஒரு முறை எழுதிவிட்டுப் பிறகு ஒன்றில் நிலைத்தால் தேடலில் தவறாது.

நிகழ்ச்சியின் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் மொழிக்கு ஒரே ஒரு கட்டம்தான். இருமொழி என்று குறிக்க வழியில்லை. எழுத்தாக்கத்தை இணைக்கும் குறியில் மொழியைத் தனியாகச் சொல்லலாம்:

```xml
<language>ta</language>
<podcast:transcript url="https://example.com/mettur.vtt"
  type="text/vtt" language="ta" />
```

காரண வாக்கியச் சோதனையில் தமிழ் பாதியாவது தேறியிருந்தால் `ta` என்றே குறிக்கலாம். தேறாவிட்டால் `en` என்று போடுவதே கேட்பவருக்குச் செய்யும் மரியாதை.

மொத்தத்தில் என் தீர்ப்பு இதுதான். தமிழ்-ஆங்கிலக் கலப்பு எபிசோடு எழுதத் தகுந்த வடிவம், ஆனால் இரண்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு மட்டும். மருத்துவ அறிவுரை, அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறை போன்று ஒரு வார்த்தை தவறினாலும் இழப்பு வரும் விஷயங்களுக்கு அது ஆகாது. அவற்றுக்கு ‘லா பிரெகா’ வழியில் இரண்டு தனிப் பதிப்பு வேண்டும், பணமில்லை என்றால் ஒரே மொழி. அலசலுக்கும் கதைக்கும் விவாதத்துக்கும் கலப்பு பொருந்தும். அங்கேயும் எதிரொலி வடிவத்துக்கு நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜூன் 12 என்பது வழக்கம்தான், சட்டம் இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவான ஒலியைத் திருத்துவது சிரமம், குறிப்பைத் திருத்துவது எளிது. திருத்தும்போது ஆங்கிலக் குறிப்பில் மட்டும் புதுத் தேதியைப் போட்டுவிட்டு, தமிழ்க் குறிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது இந்தத் தொழிலின் வாடிக்கை. குறிப்புகள் குறுக்காக எழுதப்பட்டிருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் தேதி ஒன்றில் விரிவாகவும் மற்றதில் ஒரு வரியிலும் இருக்கும். எந்தத் தகவல் இரண்டு குறிப்பிலும் எந்த நிமிடக் குறிக்குக் கீழே இருக்கிறது என்று ஸ்கிரிப்டின் ஓரத்திலேயே குறித்து வைத்திருந்தால், இரண்டையும் ஒரே நாளில் திருத்திவிடலாம்.